சம்பளம் 26-ஆம் தேதி வந்தா, 19 நாள் லேட்டுன்னு அர்த்தம்

எங்க ஊர் ஆட்டையாம்பட்டியில தறி ஓட்டுறவங்களுக்கு வாரக்கூலி. ஒரு வாரம் கூலி தள்ளிப்போனா மறுநாளே ஓனர் வீட்டு வாசல்ல நிப்பாங்க. ஆனா இன்ஜினியரிங் படிச்ச நான், முதல் கம்பெனியில மார்ச் சம்பளம் ஏப்ரல் 26-ல வந்தப்போ, "எப்போ சார் வரும்?"னு கேட்டதோட சரி. எட்டு மாசம் இப்படியே ஓடுச்சு.

அப்போ எனக்குச் சட்டமும் பெருசா கைகொடுத்திருக்காது. 1936-ஆம் வருஷத்து ஊதிய வழங்கல் சட்டம், 2017-க்கு அப்புறம்கூட மாசம் 24,000 ரூபாய் வரைக்கும் வாங்குறவங்களுக்குத்தான். என் சம்பளம் 28,000.

2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்துல ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கு. இதுல அந்த உச்சவரம்பு இல்ல. மேனேஜரும் இதுக்குள்ள வருவார். மாதச் சம்பளம் அடுத்த மாசம் 7-ஆம் தேதிக்குள்ள வந்தாகணும். வேலையை விட்டா, பாக்கி இரண்டு வேலை நாள்ல. "கிளையண்ட் இன்னும் பணம் தரல"ங்கறதுக்கு அந்தத் தேதிகள்ல விலக்கு கிடையாது.

தரலன்னா, தொழிலாளர் துறையில இதுக்குன்னு நியமிக்கப்பட்ட அதிகாரிகிட்ட மனு போடலாம். மூணு வருஷம் வரை டைம் இருக்கு. சம்பளம் தரலங்கற மனுவுல, கொடுத்தாச்சுன்னு நிரூபிக்க வேண்டியது கம்பெனி. பாக்கியோட சேர்த்து, அதைப்போல பத்து மடங்கு வரை இழப்பீடு தர அதிகாரி உத்தரவிடலாம். பத்து மடங்குங்கறது உச்சபட்சம். எவ்வளவுன்னு முடிவு பண்றது அவர்தான்.

இங்கதான் ஒரு சிக்கல். இழப்பீட்டைக் கணக்கு போடுறதே, அதிகாரி முடிவு பண்ற பாக்கித் தொகையை வச்சுத்தான். என் கதையையே எடுத்துக்குவோம். ஏப்ரல் 15-ல மனு போட்டா 28,000 பாக்கி கண்ணுக்குத் தெரியுது. மே மாசம் போட்டா, "26-லயே கொடுத்துட்டோமே"ன்னு கம்பெனி பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் காட்டும். தாமதம் தப்புதான், ஆனா பெருக்கிப் பார்க்கப் பாக்கித் தொகை இருக்காது. அதனால 8-ஆம் தேதியே ஹெச்.ஆருக்கு மெயில்ல எழுதிக் கேளுங்க, பதிலைப் பத்திரமா வைங்க. ஒவ்வொரு மாசமும் எந்தத் தேதியில வந்துச்சுன்னு குறிச்சு வைங்க.

ரொம்ப நாள் காத்திருந்தா இன்னொரு ஆபத்தும் உண்டு. பைஜூஸ்ல 2024 தொடக்கத்துல சம்பளம் தள்ளிப்போச்சு. அதே வருஷம் ஜூலை 16-ல அந்தக் கம்பெனி மேல திவால் நடவடிக்கை தொடங்க தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு. அந்தக் கட்டத்துக்கு ஒரு கம்பெனி போயிட்டா, தனியா வழக்கு நடத்தி வசூல் பண்ண முடியாது. தீர்வு அதிகாரிகிட்ட உங்க பாக்கியை எழுதிக் கொடுத்துட்டு, பேங்க் மாதிரி மத்த கடன்காரங்களோட வரிசையில நிக்கணும்.

என்னோட அந்த எட்டு மாசத்துக்கு என்கிட்ட ஒரு மெயில்கூட இல்ல. எல்லாமே டீக்கடையில வாயால கேட்டது.