புல்வெளி ரோலர்: தள்ளினால் ஏன் கனக்கிறது?

புல்வெளியைச் சமப்படுத்தும் கை ரோலரின் அமைப்பு எளிமையானது. அச்சில் சுழலும் ஓர் உருளையும், அந்த அச்சிலிருந்து சாய்வாக மேலே எழும் கைப்பிடியும்தான் அது. தோட்டத்து ரோலர்கள் பலவற்றில் உருளை உள்ளே காலியாக இருக்கும். தண்ணீரோ மணலோ நிரப்பி எடையைக் கூட்டிக்கொள்ளலாம். ஒரே ரோலர், ஒரே தரை. ஆனாலும் முன்னால் நின்று இழுப்பதைவிடப் பின்னால் நின்று தள்ளுவது கூடுதலாகக் கனக்கிறது. ரோலரின் எடை இதில் மாறுவதில்லை. மாறுவது, தரை அந்த ரோலரைத் தாங்கும் விசை.

இதற்குச் செங்குத்து விசை என்று பெயர். ஒரு பொருள் தரையை எவ்வளவு அழுத்துகிறதோ, அவ்வளவு விசையைத் தரை மேல்நோக்கித் திருப்பித் தருகிறது. சமதரையில் சும்மா நிற்கும் ரோலருக்கு இது எடைக்குச் சமம். 100 கிலோ ரோலர் என்றால் ஏறத்தாழ 1000 நியூட்டன். ஒருவர் கைப்பிடியைத் தொட்டதும் இந்தச் சமன் மாறிவிடுகிறது.

காரணம் கைப்பிடியின் சாய்வு. உருளையின் விட்டம் 50 செ.மீ. என்றால் அச்சு தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஆளின் கை 90 செ.மீ. உயரத்தில், இடுப்பளவில். கைப்பிடியின் நீளம் 130 செ.மீ. என்று கொண்டால், அது தரையோடு 30 பாகை கோணத்தில் சாய்ந்திருக்கும். கைப்பிடியின் வழியே செலுத்தும் விசையில் ஒரு பகுதிதான் ரோலரை முன்னே நகர்த்துகிறது. தள்ளும்போது மறுபகுதி ரோலரைத் தரைக்குள் அமுக்குகிறது. இழுக்கும்போது அதே பகுதி ரோலரைச் சற்றே தூக்கிவிடுகிறது. 30 பாகையில் இந்த மேல்கீழ்ப் பங்கு, கை செலுத்தும் விசையில் சரிபாதி. அற்பமான பங்கு அல்ல.

அமுக்கினால் ஏன் நகர்த்துவது கடினமாகிறது? உராய்வு கூடுகிறது என்பது வழக்கமான பதில். அது பாதிதான் சரி. ரோலர் தரையில் வழுக்கிச் செல்வதில்லை, உருள்கிறது. உருளை சுழல்வதற்கே தரையின் பிடிப்பு தேவை. உண்மையான தடை, மண் அமுங்குவதிலிருந்து வருகிறது. உருளை மண்ணில் சற்றுப் புதைந்து, தனக்கு முன்னால் ஒரு சிறு மண்மேட்டை எழுப்பிக்கொண்டே போகிறது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ரோலர் ஓட்டினால் இந்த மேட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். இதனால் தரையின் தாங்குவிசை அச்சுக்கு நேர்கீழே விழாமல் சற்று முன்னால் தள்ளி விழுகிறது. அது உருளையைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கிறது. இதை உருளல் தடை என்பார்கள். தோராயமாக, இது செங்குத்து விசையின் ஒரு குறிப்பிட்ட பங்கு. கெட்டியான உலர்ந்த தரையில் அந்தப் பங்கைப் பத்தில் ஒன்றாகவும், ஈரமான இளகிய தரையில் பத்தில் மூன்றாகவும் வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஈரத் தரை. ரோலர் தன் எடையால் மட்டும் அழுத்தினால் தடை 300 நியூட்டன். அதை வெல்ல, சாய்ந்த கைப்பிடி வழியே 346 நியூட்டன் விசையோடு தள்ள வேண்டும். ஆனால் அப்படித் தள்ளியவுடன் அதில் பாதி, 173 நியூட்டன், தரையை அமுக்குகிறது. செங்குத்து விசை 1173 ஆகிறது, தடை 352 ஆகிறது. போட்ட விசை போதவில்லை. இன்னும் தள்ளினால் இன்னும் அமுங்குகிறது. இந்தத் துரத்தல் 419 நியூட்டனில் வந்து நிற்கிறது. அப்போது செங்குத்து விசை ஏறத்தாழ 1210. இழுக்கும்போது எல்லாமே தலைகீழ். இழுக்க இழுக்கத் தரைமேல் பாரம் குறைகிறது, தடையும் குறைகிறது. 295 நியூட்டனிலேயே ரோலர் நகர்ந்துவிடுகிறது. செங்குத்து விசை 852தான். தள்ளுபவருக்கு நூற்றுக்கு 42 பங்கு கூடுதல் உழைப்பு.

உலர்ந்த தரையில் இதே கணக்கைப் போட்டால் தள்ள 123, இழுக்க 109 நியூட்டன் வருகிறது. வித்தியாசம் உண்டு, ஆனால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தள்ளினாலும் இழுத்தாலும் ஒன்றுதான் என்று சிலர் சாதிப்பதற்குக் காரணம், அவர்கள் கெட்டித் தரையில் ஓட்டிப் பார்த்ததாகக்கூட இருக்கலாம். இளகிய மண்ணிலோ, வித்தியாசம் கணக்கு சொல்வதையும் தாண்டக்கூடும். பாரம் கூடினால் உருளை இன்னும் ஆழமாகப் புதையும், முன்மேடு உயரும், பத்தில் மூன்று என்று வைத்த பங்கே பெருகிவிடும்.

இந்தக் கணக்கில் வழக்கமாக விட்டுப்போகிற ஒருவர் ரோலரை ஓட்டும் ஆள். ரோலரைக் கீழே அமுக்குபவரை ரோலர் அதே அளவு மேலே தூக்குகிறது. ரோலரைத் தூக்குபவரை அது கீழே அமுக்குகிறது. 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஈரத் தரையில் தள்ளும்போது, அவர் காலடியில் உள்ள செங்குத்து விசை 650இலிருந்து 440 நியூட்டனாகக் குறைகிறது. ஆனால் அவர் கால்கள் தரையைப் பின்னோக்கி உதைக்க வேண்டிய விசை 363. காலடிப் பாரத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் உராய்வு கிடைத்தால்தான் கால் நிற்கும். ஈரப் புல்லில் வழவழப்பான செருப்புக்கு அது கிடைப்பது அரிது. இழுப்பவருக்கோ காலடிப் பாரம் ஏறத்தாழ 798 ஆக ஏறுகிறது, தேவைப்படும் உதைப்பு 256தான். பத்தில் மூன்று பங்கை ஒட்டிய உராய்வே போதும். ரோலர் நகர்வதற்கு முன்பே கால் சறுக்குகிறதென்றால், பலம் போதவில்லை என்று நினைக்கத் தேவையில்லை. கால் ஊன்றப் பாரம் போதவில்லை.

கைப்பிடியை நீட்டினால் இந்த இடைவெளி சுருங்கும். 130 செ.மீ.க்குப் பதிலாக 2 மீட்டர் வைத்தால் கோணம் 19 பாகையாகத் தாழ்கிறது. அதே ஈரத் தரையில் தள்ள 354, இழுக்க 288 நியூட்டன். வித்தியாசம் 124இலிருந்து 66 ஆகிறது. கைப்பிடி முழுக்கக் கிடைமட்டமாக, அச்சின் உயரத்திலேயே இருந்தால் தள்ளுவதும் இழுப்பதும் ஒன்றே. ஆனால் 25 செ.மீ. உயரத்தில் குனிந்தபடி யாராலும் வேலை செய்ய முடியாது. மாறாக, கோணம் மிகவும் செங்குத்தானால் நிலைமை மோசமாகும். இதே ஈரத் தரையில் 73 பாகையைத் தாண்டிவிட்டால் எவ்வளவு பலத்தோடு தள்ளினாலும் ரோலர் நகராது. கூட்டுகிற விசை முழுவதையும் கூடுகிற தடை விழுங்கிவிடும்.

தள்ளுவதற்கும் ஒரு நியாயம் உண்டு. ரோலரின் வேலையே மண்ணை அமுக்குவதுதான். மேலே சொன்ன ஈரத் தரையில் 100 கிலோ ரோலர், தள்ளும்போது 121 கிலோ போலவும் இழுக்கும்போது 85 கிலோ போலவும் அழுத்துகிறது. ஆனால் கூடுதல் அழுத்தம்தான் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி இழுப்பதே மேல். தள்ளுபவரின் காலடிகள் உருட்டிச் சமப்படுத்திய இடத்தின்மேல் பதிகின்றன. இழுப்பவரின் தடங்களை ரோலரே பின்னால் வந்து அழித்துவிடுகிறது. சரிவில் இறங்கும்போது மட்டும் முன்னால் நின்று இழுக்கக் கூடாது. கால் தவறினால் 100 கிலோ உருளை ஆள்மேல் ஏறிவிடும். அங்கே ரோலரை முன்னே விட்டு, மேட்டுப் பக்கம் நின்று கைப்பிடியைப் பிடித்து நிறுத்தியபடி இறங்குவதே முறை.