தவணையில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு?

கோவை கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறை. பதின்மூன்றரை லட்சத்துக்கு சி.என்.சி. மெஷின் வாங்கப்போகிறார்கள். மூன்றரை லட்சம் கைப்பணம், அதாவது மார்ஜின். மீதி 10 லட்சம் வங்கியின் டேர்ம் லோன். ஆண்டு வட்டி 12 சதவீதம், 60 மாதத் தவணை. வங்கியில் சொல்லும் எண் ஒன்றே ஒன்றுதான்: மாதம் 22,245 ரூபாய்.

பட்டறைக்காரர் மனதுக்குள் அதை 60 ஆல் பெருக்கிப் பார்ப்பார். 13,34,700 வரும். மூன்று லட்சத்து முப்பத்து நான்காயிரம் வட்டி, பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்த மூன்று லட்சத்துச் சொச்சம் எந்த மாதத்தில் எவ்வளவு போகிறது என்பதைப் பலரும் பார்ப்பதில்லை. இரண்டாம் ஆண்டின் நடுவில் கடனை முன்கூட்டியே அடைக்கலாம் என்று வங்கிக்குப் போய் நிலுவையைக் கேட்கும்போதுதான், ‘இவ்வளவு கட்டியும் இன்னும் இத்தனை பாக்கியா?’ என்ற அதிர்ச்சி வருகிறது. தவணை அட்டவணை கையில் இருந்தால் இதில் அதிர்ச்சிக்கே இடமில்லை. அதைப் போட பெரிய கணிதமும் வேண்டாம்.

அட்டவணையின் உயிர் நிலுவைப் பத்தியில்தான் இருக்கிறது. மாதத் தொடக்கத்தில் எவ்வளவு பாக்கியோ, அதற்கு மட்டும்தான் அந்த மாத வட்டி. ஆண்டுக்கு 12 என்றால் மாதத்துக்கு 1 சதவீதம். 10 லட்சத்துக்கு முதல் மாத வட்டி 10,000. கட்டிய 22,245-இல் அதைக் கழித்தால் மிச்சம் 12,245. அதுதான் அசலில் கழிகிறது. இப்போது பாக்கி 9,87,755. அடுத்த மாத வட்டி இந்தப் புதிய பாக்கிக்கு. இவ்வளவுதான் விஷயம். இதையே அறுபது முறை செய்ய வேண்டும்.

| மாதம் | தொடக்க நிலுவை | வட்டி | அசல் | இறுதி நிலுவை |
|---|---|---|---|---|
| 1 | 10,00,000 | 10,000 | 12,245 | 9,87,755 |
| 2 | 9,87,755 | 9,878 | 12,367 | 9,75,388 |
| 3 | 9,75,388 | 9,754 | 12,491 | 9,62,897 |
| 12 | 8,58,365 | 8,584 | 13,661 | 8,44,704 |

அசல் பத்தியைக் கவனியுங்கள். ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைவிட 1 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. 12,245-க்கு ஒரு சதவீதம் சேர்த்தால் 12,367. போட்ட கணக்கு சரியா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. எங்காவது இந்த ஏற்றம் தடுக்கினால், அந்த வரிசையில் தப்பு இருக்கிறது.

முதல் ஆண்டில் கட்டுவது 2,66,940 ரூபாய். அதில் வட்டி 1,11,644, அசல் 1,55,296. ஐந்தாம் ஆண்டில் அதே தொகையைக் கட்டும்போது வட்டி 16,500 சொச்சம்தான். அறுபதில் பாதி முப்பது என்றாலும், அசலில் பாதி தீர்வது 35-ஆம் தவணையில். இதில் வங்கி செய்யும் சூது எதுவும் இல்லை. ஆரம்பத்தில் பாக்கி அதிகம், அதனால் வட்டியும் அதிகம்.

கணினியில் எக்செல் போன்ற விரிதாள் இருந்தால் ஒரு வரிசையை எழுதி, மீதியைக் கீழே இழுத்துவிடலாம். H1-இல் கடன் தொகை, H2-இல் ஆண்டு வட்டி (12% என்று), H3-இல் மாதங்கள். A பத்தி மாத எண்ணுக்கு. B தொடக்க நிலுவை, C வட்டி, D தவணை, E அசல், F இறுதி நிலுவை.

```
H4: =ROUNDUP(PMT(H2/12,H3,-H1),0)
B2: =H1
C2: =ROUND(B2*$H$2/12,0)
D2: =MIN($H$4,B2+C2)
E2: =D2-C2
F2: =B2-E2
B3: =F2
```

D2-இல் இருக்கும் MIN கடைசி மாதத்துக்காக. தவணையின் சரியான கணக்கு 22,244 ரூபாய் 45 பைசா. அதை 22,245 ஆக ஏற்றி வசூலிப்பதால், அறுபதாவது மாதம் ஏறக்குறைய 45 ரூபாய் குறைவாகக் கட்டினால் போதும். கடைசி வரிசையில் F பத்தி பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ ஒரு சூத்திரம் வேறு கட்டத்தைப் பிடித்திருக்கிறது. பெரும்பாலும் $ குறி விட்டுப்போயிருக்கும்.

இனி இந்த அட்டவணையையும் வங்கியின் கணக்கு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முதல் மாதமே இரண்டும் ஒத்துப்போகாது. காரணம், வங்கிகள் பொதுவாக மாதத்துக்கு ஒரு சதவீதம் என்று போடுவதில்லை, நாள் கணக்கில் போடுகின்றன. மார்ச் 17 அன்று மெஷின் விற்பவரின் கணக்குக்குப் பணம் போகிறது, தவணைத் தேதி மாதாமாதம் 5, முதல் தவணை மே மாதம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 17 முதல் ஏப்ரல் 5 வரை 19 நாள். அதற்கான வட்டி 6,247 ரூபாயைத் தனியாக எடுப்பார்கள். ஏப்ரல் 5 முதல் மே 5 வரை 30 நாள், வட்டி 9,863. முதல் தவணை கட்டியதும் பாக்கி 9,87,618. மே 5 முதல் ஜூன் 5 வரை 31 நாள், வட்டி 10,066.

பாக்கி குறைந்தும் வட்டி ஏறியிருக்கிறது! இதைப் பார்த்து வங்கியில் போய்ச் சண்டை போட்டவர்கள் உண்டு. ஒரு நாள் கூடியதுதான் காரணம். G பத்தியில் நாள்களின் எண்ணிக்கையை எழுதி, வட்டிக் கட்டத்தை மட்டும் மாற்றினால் அட்டவணை வங்கியோடு ரூபாய் சுத்தமாக ஒத்துவரும்.

```
C2: =ROUND(B2*$H$2*G2/365,0)
```

அதன் பிறகும் வித்தியாசம் வந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது வட்டி தொடங்கிய தேதி. கடன் அனுமதியான தேதியிலிருந்தோ, காசோலையில் எழுதிய தேதியிலிருந்தோ வட்டி போட்டுவிட்டு, பணத்தைப் பல நாள் கழித்துக் கொடுப்பதை ரிசர்வ் வங்கியே 2024 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டுக் கண்டித்திருக்கிறது. 10 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 329 ரூபாய். பத்து நாள் முந்தினால் மூவாயிரத்துக்கு மேல். அடுத்தது, தாமதத்துக்கான அபராதம். அதை வட்டி விகிதத்தோடு கூட்டக் கூடாது, அதன்மேல் மறுபடி வட்டியும் போடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் விதி வந்துவிட்டது. அபராதம் அறிக்கையில் தனி வரியாகத்தான் இருக்க வேண்டும்.

சிறுதொழில் கடனில் இன்னொரு சங்கதி மாரட்டோரியம். மெஷின் வந்து இறங்கி, அடித்தளம் போட்டு, ஆர்டர் பிடிப்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். அதுவரை தவணை வேண்டாம் என்பார்கள். தவணைதான் வேண்டாம், வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஐந்தாண்டுக்குள்ளேயே இந்த ஆறு மாதமும் அடக்கம் என்றால், மீதி 54 தவணைகள். ஆறு மாதமும் வட்டியாகிய 10,000 ரூபாயை மட்டும் கட்டிவந்தால், ஏழாம் மாதத்திலிருந்து தவணை 24,057. அதையும் கட்டாமல் விட்டால் வட்டி அசலோடு சேர்ந்து, ஏழாம் மாதத் தொடக்க நிலுவை 10,61,520 ஆகிவிடும். தவணை 25,537. கடன் முடியும்போது இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 20,000 ரூபாய். வட்டியையாவது கட்டிவிடுவது என் கட்சி. ஆனால் வேலை தொடங்காத பட்டறையில் மாதம் பத்தாயிரம் புரட்டக் கந்துவட்டிக்குப் போக வேண்டியிருந்தால், இந்த இருபதாயிரம் நஷ்டமே மேல்.

அனுமதிக் கடிதத்தில் ‘மாரட்டோரியம் 6 மாதம்’ என்று மட்டும் இருந்தால் போதாது. அந்த வட்டியை மாதாமாதம் கட்ட வேண்டுமா, அசலில் சேருமா, அந்த ஆறு மாதம் அறுபதுக்குள்ளா, வெளியிலா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அட்டவணையின் முதல் ஆறு வரிசைகள் அந்தப் பதிலைப் பொறுத்தே மாறும்.

பட்டறையின் சொந்தக் கணக்கிலும் இந்தப் பிரிவினை இல்லாமல் முடியாது. மாதம் 22,245-ஐ மொத்தமாக ‘லோன் செலவு’ என்று எழுதிவைப்பது பல சிறு நிறுவனங்களில் வழக்கம். உண்மையில் செலவு என்பது வட்டி மட்டும்தான். வருமான வரிக்கும் அதை மட்டுமே கழிக்கலாம். அசல் கடனை அடைப்பது, அது செலவில் சேராது. அதற்குப் பதில் மெஷினுக்குத் தேய்மானம் கழிக்கலாம், பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம். முதல் ஆண்டு கட்டிய 2,66,940-ஐயும் செலவாகக் காட்டினால் லாபம் ஒன்றரை லட்சம் குறைந்து தெரியும், கடனோ ஏட்டில் 10 லட்சமாகவே நிற்கும். ஆடிட்டர் மார்ச் முடிந்து அதைச் சரிசெய்யும்போது, இல்லை என்று நினைத்திருந்த வரி வந்து நிற்கும்.

ஐந்தொகை எழுதும்போது அட்டவணையை ஒரு ஆண்டு தள்ளியும் பார்க்க வேண்டும். 12 தவணைகள் முடிந்தபின் 8,44,704 பாக்கி. இதில் அடுத்த 12 மாதங்களில் கழியப்போகும் அசல் சுமார் 1,75,000. அது நடப்புப் பொறுப்பு. மீதிதான் நீண்டகாலக் கடன். அடுத்த முறை ஓவர் டிராஃப்ட் கேட்டுப் போகும்போது மேலாளர் முதலில் பார்ப்பது அந்த 1,75,000-ஐத்தான். வரும் லாபத்திலிருந்து அது கட்டப்பட வேண்டும் அல்லவா?

வங்கியை விட்டு நிதி நிறுவனத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘எங்களிடமும் 12 சதவீதம்தான், ஃபிளாட்’ என்றால் தொகை முழுவதற்கும் ஐந்து ஆண்டும் வட்டி போடுகிறார்கள் என்று பொருள். 6 லட்சம் வட்டி, தவணை 26,667. இந்தத் தவணையைக் குறையும் நிலுவை அட்டவணையில் போட்டுப் பார்த்தால் உண்மை வட்டி 20 சதவீதத்தைத் தாண்டும். `=RATE(60,-26667,1000000)*12` என்று அடித்தால் விரிதாளே சொல்லிவிடும்.

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில் டேர்ம் லோன்களுக்கு, கடன் தருபவர் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கட்டாயம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதமும், தவணைவாரியாக அசல்–வட்டி அட்டவணையும் அதில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் அட்டவணையோடு ஒப்பிட்டு, நிலுவைப் பத்தி எந்த வரிசையில் பிரிகிறதோ அந்த வரிசையைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.