கும்பாபிஷேக வசூல் கணக்கு முடங்கினால்

ஸ்தபதிக்குக் கொடுத்த செக் திரும்பி வந்தபிறகுதான் கமிட்டிக்கு விஷயமே தெரியவரும். வங்கியில் போய்க் கேட்டால், “சைபர் கிரைமில் இருந்து முடக்கச் சொல்லியிருக்கிறார்கள்” என்பார்கள். அன்று சாயங்காலமே, பொருளாளர் பணத்தைச் சாப்பிட்டுவிட்டார் என்று டீக்கடையில் பேச்சு கிளம்பிவிடும்.

நடந்தது பெரும்பாலும் வேறாக இருக்கும். உண்டியல் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை, பணம் யாருடையது என்று கேட்காது. எங்கோ ஒருவர் ஆன்லைன் மோசடியில் ஏமாந்து 1930 என்ற எண்ணில் புகார் கொடுக்கிறார். அந்தப் பணம் போன கணக்குகளைப் போலீசும் வங்கிகளும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போகிறார்கள். அதில் ஒரு 5,000 ரூபாய் கைமாறிக் கைமாறி நன்கொடையாக உங்கள் கணக்கில் விழுந்திருந்தால், அதையும் பிடித்து வைப்பார்கள். புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருக்கலாம்.

பிடிப்பதில் இரண்டு விதம் உண்டு. சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி வைப்பது ஒன்று. இன்னொன்றில் கணக்கில் இருந்து எதையும் எடுக்க முடியாது. ஆனால் வரும் பணம் வந்துகொண்டே இருக்கும். சிக்கலே அங்கேதான். ஊரார் விவரம் தெரியாமல் ஸ்கேன் செய்யச் செய்ய, அந்தப் பணமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். எனவே பொருளாளர் எழுதும் செய்தியில் முதல் வரியே வேண்டுகோளாக இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

“அனைவருக்கும் வணக்கம். கமிட்டி கணக்குக்கு இன்றுமுதல் யாரும் பணம் அனுப்ப வேண்டாம். கியூஆர் அட்டையை எடுத்துவிட்டோம். நமக்கு வந்த 5,000 ரூபாய் ஒன்றின்மேல் சைபர் கிரைம் புகார் இருப்பதால் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. நேற்று வரையிலான இருப்பு 6,42,000 ரூபாய். வரவு செலவு நோட்டும் வங்கி ஸ்டேட்மெண்டும் கோயில் அலுவலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். புகார் எண் வாங்கியாயிற்று. தலைவரும் நானும் திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறோம்.”

“சர்வர் பிரச்சினை” என்று மழுப்பி எழுதுபவர்களும் உண்டு. உண்மை இரண்டு நாளில் வெளிவரும். அப்புறம் நோட்டைக் காட்டினாலும் ஊர் நம்பாது.

வங்கியில் கேட்டு வாங்க வேண்டியவை: புகார் எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை, அந்தப் பரிவர்த்தனையின் யூடிஆர் எண். யூடிஆர் கிடைத்தால் ஸ்டேட்மெண்டில் தேதியைப் பிடித்து, அன்றைய ரசீது யார் பெயரில் போட்டது என்று பார்த்துவிடலாம். அந்த ரசீதின் நகல், கமிட்டித் தீர்மானம், ஸ்டேட்மெண்ட் மூன்றையும் இணைத்து, புகாரை விசாரிக்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும். வங்கிக்கும் ஒரு பிரதி. 5,000 ரூபாயை மட்டும் நிறுத்திவிட்டு மீதியை விடுவிக்கக் கேளுங்கள். தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்கியதை எதிர்த்த வழக்கொன்றில், 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த வழியில்தான் உத்தரவிட்டது. போலீஸ் பதிலே தராவிட்டால் வக்கீலைப் பார்ப்பதுதான் அடுத்த படி.

இடையில் வசூல் நிற்கக் கூடாது என்று பொருளாளர் தன் சொந்த ஜிபே எண்ணைக் கொடுப்பது வழக்கம். அதைச் செய்யவே கூடாது. ஊர்ப் பணமும் வீட்டுப் பணமும் கலந்துவிடும். அதே மாதிரி ஒரு தொகை அங்கே வந்து விழுந்தால் அவருடைய சம்பளக் கணக்கும் முடங்கும். கணக்கு திறக்கும் வரை ரசீதுப் புத்தகம் போட்டு ரொக்கமாக வாங்கலாம். வாங்கும்போது இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும்.