தொலைந்த பயணப்பெட்டி குறித்த ஆங்கில முறையீட்டுக் கடிதம்

விமானத்தில் ஒப்படைத்த பெட்டி வந்து சேராதபோது, இழப்பீடு கேட்டு விமான நிறுவனத்துக்குப் பயணி எழுதும் கடிதம் முறையீட்டுக் கடிதம் எனப்படும். பன்னாட்டுப் பயணங்களில் இது பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. தமிழ் பேசுவோர் பலர் முதலில் நடந்ததைத் தமிழில் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு தாமோ மற்றொருவரோ அதை ஆங்கிலக் கடிதமாக ஆக்குவது வழக்கம். குறிப்பை வரிக்கு வரி மொழிபெயர்த்தால் உரிமைக்குத் தேவையான விவரங்கள் விடுபடக்கூடும்.

சட்டப் பின்னணி

பன்னாட்டு விமானப் பயணத்தில் சுமைகளுக்கான பொறுப்பை 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் வரையறுக்கிறது. இந்தியா 2009 முதல் இதில் உள்ளது. பெட்டி வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராவிட்டால், அல்லது தொலைந்துவிட்டதாக நிறுவனமே ஒப்புக்கொண்டால், பயணி அதைத் தொலைந்த பெட்டியாகக் கொண்டு இழப்பீடு கோரலாம். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள்ளும், சேதமடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். வழக்குத் தொடரும் உரிமை இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும்.

ஆகவே கடிதம் எழுதுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, பெட்டி தொலைந்ததா, தாமதமானதா, சேதமடைந்ததா என்பதே.

ஓர் எடுத்துக்காட்டு

ஜெர்மனியில் ஆறு மாத வேலை முடித்து, பிராங்க்பர்ட்டிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றின் வழியாகச் சென்னை திரும்பும் ஒரு பயணியின் குறிப்பு பின்வருமாறு இருப்பதாகக் கொள்ளலாம்:

"மார்ச் 8 சனிக்கிழமை ராத்திரி ஒன்னே முக்காலுக்கு இறங்கினேன். ரெண்டு பெட்டில ஊதாப் பெட்டி வரலை. கவுண்டர்ல எழுதிக் குடுத்தேன், சீட்டு குடுத்தாங்க. நாளைக்கு வந்துரும்னு சொன்னாங்க. மூணு தடவை போன் பண்ணியாச்சு. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின வாட்ச் உள்ள இருந்துச்சு. துணி வாங்க வேண்டியதாப் போச்சு. மொத்தம் ஒன்னரை லட்சம் நஷ்டம். பாத்து ஏதாவது செய்யுங்க."

நாளும் நேரமும். பேச்சுவழக்கில் 'சனிக்கிழமை ராத்திரி ஒன்னே முக்கால்' என்பது விடிந்தால் ஞாயிறு என்னும் இரவு. விமான அட்டவணையிலோ நள்ளிரவு 12 மணிக்கே நாள் மாறிவிடுவதால், விமானம் இறங்கியது 2025 மார்ச் 9 ஞாயிறு அதிகாலை 1.45 மணி. கடிதத்தில் மார்ச் 8 என்று எழுதினால் நிறுவனத்தின் பதிவோடு நாள் பொருந்தாது. 21 நாள் கணக்கும் ஒரு நாள் பிசகும். சரியான கணக்கில் மார்ச் 30 அன்று 21 நாள் நிறைகிறது. மாதத்தை எண்ணால் குறிக்காமல் எழுத்தால் எழுதுவதும் தேவை. 9/3 என்பதைச் சில நாடுகளில் செப்டம்பர் 3 என்று படிப்பார்கள்.

பெட்டியும் நிறமும். தமிழில் சூட்கேஸும் பெட்டிதான், அட்டைப்பெட்டியும் பெட்டிதான். ஆங்கிலத்தில் 'பாக்ஸ்' என்று எழுதினால் தேடுபவர் அட்டைப்பெட்டியைத் தேடுவார். 'சூட்கேஸ்' என்றே குறிப்பிட வேண்டும். 'ஊதா' என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் நீலத்தையும், சிலர் கத்தரிப்பூ நிறத்தையும் ஊதா என்பார்கள். பயணியிடம் கேட்டு உறுதி செய்தபின் நிறத்தோடு அளவு, தயாரிப்பு நிறுவனம், சக்கரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் சேர்க்கலாம்.

சீட்டு. கவுண்டரில் கொடுத்த சீட்டு, பிராப்பர்ட்டி இர்ரெகுலாரிட்டி ரிப்போர்ட் எனப்படும் பதிவின் நகல். சுருக்கமாக இது பி.ஐ.ஆர். எனப்படும். அதில் `MAAXX12345` போன்ற பத்து எழுத்துக் குறியெண் இருக்கும். முதல் மூன்று எழுத்துகள் விமான நிலையத்தையும், அடுத்த இரண்டு விமான நிறுவனத்தையும், மீதி ஐந்து இலக்கங்கள் பதிவு எண்ணையும் குறிக்கும். இந்த எண்ணும், போர்டிங் பாஸுடன் தரப்பட்ட பெட்டி ஒட்டுச்சீட்டின் எண்ணும் கடிதத்தின் தலைப்பு வரியிலேயே வர வேண்டும். பெயரை டிக்கெட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். தலைப்பெழுத்தை முன்னும் பின்னும் மாற்றினால் பதிவில் தேடுவது கடினமாகும்.

யார் சொன்னது? தமிழில் 'சொன்னாங்க' என்றாலே வாக்கியம் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் யார் சொன்னார் என்று எழுதியாக வேண்டும். சென்னை நிலையத்தின் சுமைப்பிரிவு ஊழியர், மார்ச் 9 அதிகாலை, என்று தெளிவாகக் குறிப்பிட்டால் அது நிறுவனம் மறுத்துத் தள்ள முடியாத விவரமாகிறது. மூன்று தொலைபேசி அழைப்புகளுக்கும் நாள், நேரம் தர வேண்டும். பெட்டியை 'ஏத்தலை' என்பது போன்ற ஊகத்தைச் சேர்க்க வேண்டியதில்லை. பெட்டி நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது தொலைந்தது என்பதே போதும். எங்கே தவறியது என்று பயணி நிரூபிக்க வேண்டாம்.

தொகை. 'ஒன்னரை லட்சம்' என்பது குத்துமதிப்பு. பயணியிடம் உள்ள ரசீதுகளின்படி பட்டியலிட்டால் பின்வருமாறு வருகிறது:

- கம்பளிக் கோட்டு: ரூ. 24,000
- மற்றத் துணிகள்: ரூ. 31,500
- காலணிகள்: ரூ. 8,500
- கைக்கடிகாரம்: ரூ. 30,000
- சூட்கேஸ்: ரூ. 12,000
- பெட்டி வராததால் உடனே வாங்கிய துணிகள்: ரூ. 12,000

மொத்தம் ரூ. 1,18,000. ரசீதோடு பொருந்தும் இந்தத் தொகையே வலுவானது. 'லட்சம்' என்ற சொல்லும் அதற்குரிய காற்புள்ளியும் வெளிநாட்டு அலுவலகங்களில் குழப்பம் தரும் என்பதால் `INR 118,000` என்று எழுதுவது நல்லது. உடனே வாங்கிய துணிகளைத் தனித் தலைப்பில் காட்ட வேண்டும். இல்லையெனில் ஒரே துணிக்கு இருமுறை கேட்பதாகத் தோன்றும்.

கோரிக்கை. 'பாத்து ஏதாவது செய்யுங்க' என்பதை அப்படியே மொழிபெயர்த்தால் கடிதத்தில் கோரிக்கையே இல்லாமல் போகும். பெட்டி தொலைந்ததாகக் கொள்ளப்படுகிறது, மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் 17ஆம் பிரிவின்படி இந்தத் தொகை கோரப்படுகிறது, 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும் என்று மூன்று வாக்கியங்களில் முடிக்கலாம். இதில் 30 நாள் என்பது சட்டம் விதித்த கெடு அன்று. பயணி தாமே குறிக்கும் கெடு. தங்கையின் திருமணம், அலைச்சல் ஆகியவற்றை ஒரே வரியில் சொன்னால் போதும்.

கடிதத்தின் அமைப்பு

ஒரு பக்கக் கடிதமே போதும். தலைப்பு வரியில் குறியெண்களும், முதல் பத்தியில் பயண விவரமும், இரண்டாவதில் நாள்வாரியாக நடந்ததும், மூன்றாவதில் தொகையும், கடைசியில் கோரிக்கையும் இடம்பெறும். பி.ஐ.ஆர்., ஒட்டுச்சீட்டு, போர்டிங் பாஸ், ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்து, மூலங்களைப் பயணியே வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் விமானங்களில் தொடர்ந்து பயணம் செய்திருந்தால் முதல் நிறுவனத்திடமோ கடைசி நிறுவனத்திடமோ கோரலாம், பி.ஐ.ஆர். பதிவு செய்த கடைசி நிறுவனத்துக்கு எழுதுவதே பொதுவாக எளிது.

வரம்புகள்

ஒப்பந்தப்படி ஒரு பயணிக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 2025 மார்ச் மாத மதிப்பில் இந்த வரம்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய். இது பெட்டிக்கு ஒன்றாக அன்றி, ஆளுக்கு ஒன்றாகக் கணக்கிடப்படும். இதைவிட மதிப்புள்ள பொருளை அனுப்புவோர் பெட்டியை ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்கப்பட்டால் கூடுதல் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும்.

வரம்பு முழுவதும் தானாகக் கிடைக்காது. நிரூபித்த இழப்பே கிடைக்கும். பழைய துணிகளுக்குத் தேய்மானம் கழிக்கப்படலாம். விலையுயர்ந்த பொருட்களை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது என்று பல நிறுவனங்களின் விதிகள் சொல்வதால், மேற்கண்ட பட்டியலில் கைக்கடிகாரத்துக்கே மறுப்பு வர வாய்ப்பு அதிகம். அதைத் தனி வரியாகக் காட்டியிருந்தால், அந்த ரூ. 30,000 மறுக்கப்பட்டாலும் மீதி ரூ. 88,000க்கான கோரிக்கை அப்படியே நிற்கும்.