அம்மா போனில் குட்டி விரல்

;l;;gmlxzssaw

2021 மார்ச் 28 அன்று அமெரிக்க ராணுவத்தின் ட்விட்டர் பக்கம் ஒன்றில் இப்படியொரு பதிவு வந்தது. அணு ஆயுதங்களுக்குப் பொறுப்பான படைத் தலைமையகத்தின் பக்கம் அது. ரகசியக் குறியீடோ, யாரோ ஊடுருவிவிட்டார்களோ என்று பேச்சு கிளம்பியது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. பக்கத்தைக் கவனித்துவந்தவர் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார். அதைத் திறந்தபடியே விட்டுவிட்டுச் சற்று நகர்ந்திருக்கிறார். அவருடைய சின்னக் குழந்தை விசைகளைத் தட்டி விளையாடியிருக்கிறது.

நமக்கு இது வாட்ஸ்அப்பில் வருகிறது. மாலை ஆறு மணிக்கு அக்காவின் எண்ணிலிருந்து 'hhjjkkkl bbnn' என்று ஒரு வரி, பின்னாலேயே நாலு யானைப் படம். அக்கா சமையலறையில் இருப்பாள், மூன்று வயது மகள் போனில் இருப்பாள். சித்தி என்ன பதில் போடலாம்?

நீங்கள் அனுப்பும் பதிலை இரண்டு பேர் பார்ப்பார்கள். ஒருவருக்குப் படிக்கத் தெரியாது. இன்னொருவர் அரைமணி நேரம் கழித்துத்தான் பார்ப்பார். அதனால் குழந்தைக்குக் குரல், அம்மாவுக்கு எழுத்து என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒரு சின்ன வாய்ஸ் மெசேஜ்: "யாருடா தங்கம் அது? நாலு யானை வந்து சித்தி வீட்டு வாசல்ல நிக்குதே! நான் வாழைப்பழம் குடுக்கறேன். நீ ஓடிப்போய் போனை அம்மா கையில குடு, பாப்போம்!" அதன் கீழே எழுத்தில்: "அக்கா, ஆறு மணிக்குப் பாப்பா தட்டினது எனக்கு வந்துச்சு. வேற யாருக்காவது போயிருக்கான்னு பாத்துடு."

விளையாட்டு ஒரே சுற்றில் முடிந்து, போன் அம்மா கைக்குப் போக வேண்டும். "இன்னொரு யானை அனுப்பு", "அந்தப் பச்சை பட்டனை அமுக்கு" என்று இழுத்தால் குழந்தை ஆசையாகத் தட்டிக்கொண்டே இருக்கும். பூட்டுத் திறந்த போனில் அடுத்த தட்டல் அம்மாவின் மேலதிகாரிக்கு வீடியோ கால் ஆகலாம், ஒரு முக்கியமான புகைப்படத்தையே அழித்துவிடலாம். "அம்மா எங்க? வீட்ல யாரெல்லாம் இருக்கா?" என்றும் கேட்காதீர்கள். நீங்கள் சித்திதான். ஆனாலும் போனில் யார் கேட்டாலும் வீட்டு விவரத்தைச் சொல்லலாம் என்று குழந்தைக்குப் பழகிவிடும். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வந்தால் விளையாட்டே வேண்டாம், பேசாமல் விட்டுவிடுங்கள்.

எல்லாக் கிறுக்கலும் குழந்தையுடையதல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2012 இறுதியில் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நிகழ்வைப் பதிவு செய்தார்கள். கர்ப்பிணியான ஓர் இளம்பெண் கணவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் திடீரென்று பொருளற்றுப் போயின. அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருந்தது. குழந்தை தட்டினால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் வரும், ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும். மூளை பாதிக்கப்பட்டவரின் செய்தியில் உண்மையான சொற்களும் இருக்கலாம், சேர்த்துப் படித்தால் அர்த்தம் வராது. இதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. விசைப்பலகைக்கு மேலே போன் தானாகக் காட்டும் சொற்களைத் தொட்டுத் தொட்டுக் குழந்தையும் முழுச் சொற்களை அனுப்பிவிடும். ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தவரின் வரிகள் நடுவில் குழம்பினாலோ, அந்த வீட்டில் சின்னக் குழந்தையே இல்லை என்றாலோ யானைக் கதை சொல்லிக்கொண்டிருக்காமல் உடனே போன் செய்யுங்கள். பேச்சு குழறினால், வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

கிறுக்கலுக்குப் பின்னால் "உனக்கு ஆறு இலக்க எண் ஒண்ணு வந்திருக்கும், அனுப்பு" என்று வந்தால் அது மூன்று வயதுக்காரியின் வேலை இல்லை. அக்காவின் கணக்கு வேறு யார் கையிலோ இருக்கலாம். எண்ணை அனுப்பாமல், வாட்ஸ்அப்பை விட்டுச் சாதாரண அழைப்பில் அவளிடம் பேசுங்கள்.

அலுவலகக் குழுவில் சக ஊழியரின் குழந்தை தட்டிவிட்டால் எல்லார் முன்னாலும் கேலி செய்வதும், அதைப் படம்பிடித்துப் பரப்புவதும் அந்தத் தாயை மேலும் கூச வைக்கும். அவருக்குத் தனியாக ஒரு வரி போதும். வாட்ஸ்அப்பில் 'Delete for everyone' வசதி இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாகவே கிடைப்பதால், சீக்கிரம் தெரிந்தால் அவரே எடுத்துவிடுவார். செய்தி நீக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் அங்கே நிற்கும்.

குழந்தை கையில் போனைக் கொடுத்தே தீர வேண்டிய நேரத்தில் ஆண்ட்ராய்டில் 'App pinning', ஐபோனில் 'Guided Access' என்ற வசதியைப் போட்டுக் கொடுக்கலாம். பாட்டுப் படம் ஓடும் செயலியை விட்டு வெளியேற முடியாது, வாட்ஸ்அப் பக்கம் விரல் போகாது. வெளியேறும்போது கடவுக்குறி கேட்கும்படி அமைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை நீங்களே வெளியே வந்து பாருங்கள். அது இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டில் எந்த விசைகளை அழுத்திப் பிடித்தால் வெளியே வரலாம் என்பதைக் குழந்தை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும்.