ஓடி முடித்த பிறகு வரும் இளைப்பு

மார்கழி மாதக் காலை, ஏழரை மணி பி.டி. வகுப்பு. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நிற்காமல் 800 மீட்டர் ஓடி முடிக்கிறாள். ஓடும்போது அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆசிரியர் அடுத்த குழுவை ஓடவிட்டுக் கவனத்தை அந்தப் பக்கம் திருப்புகிறார். ஐந்து நிமிடம் கழித்து, மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு இருமல் தொடங்குகிறது. இன்ஹேலர் மாடி வகுப்பறையில், புத்தகப் பையில் இருக்கிறது.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சியில் நேரும் சிக்கல் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

களைப்பா, இளைப்பா?

சாதாரணமாக நாம் இழுக்கும் காற்றை மூக்கு சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்புகிறது. வேகமாக ஓடும்போது வாய்வழியாக மூச்சு வாங்குவதால், குளிர்ந்த வறண்ட காற்று நேராக மூச்சுக்குழாய்க்குப் போய் அதன் உட்சுவரை உலர்த்துகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதனால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இந்த இறுக்கம் ஓட்டத்தை நிறுத்திய ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள்தான் உச்சத்தை எட்டும்.

அடையாளம் காண்பது கடினமல்ல. நின்ற சில நிமிடங்களில் தணிவது களைப்பு. நின்ற பிறகு கூடிக்கொண்டே போவது இளைப்பு. இருமல், நெஞ்சில் இறுக்கம், மூச்சு விடும்போது விசில் போன்ற ஒலி ஆகியவை அதோடு சேர்ந்து வரும். சில பிள்ளைகளுக்கு இருமல் மட்டும்தான் இருக்கும். அதைச் சளி என்று விட்டுவிடக் கூடாது.

ஓடுவதற்கு முன் இன்ஹேலர்

மருத்துவர் அப்படிச் சொல்லியிருந்தால், ஓடுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே சால்புடமால் இன்ஹேலர் எடுக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு பஃப் எழுதித் தருவார்கள். 7.45க்கு ஓட வேண்டிய அந்த மாணவி, 7.30க்கே இதை எடுத்துவிட வேண்டும்.

இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒருமுறை அழுத்தி, நாலைந்து மூச்சு நிதானமாக இழுக்க வேண்டும். அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி, இரண்டாவது பஃப். அவசரத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்திவிடுவது வழக்கமான தவறு. அப்படிச் செய்தால் மருந்தில் கூடுதல் பகுதி ஸ்பேசரின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரின் வேலை வேறு. அது அழற்சியை நாள்பட அடக்குகிறது. அதை நிறுத்திவிட்டு, ஓடும் நாளில் மட்டும் சால்புடமாலை நம்பியிருப்பது ஆபத்து. சில பிள்ளைகளுக்கு இரண்டு வேலைக்கும் ஒரே இன்ஹேலரைக் கொடுத்திருப்பார்கள். ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், மருத்துவர் எழுதியதைப் பெற்றோர் ஆசிரியரிடம் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்.

எவ்வளவு ஓடலாம்

ஒரே மூச்சாக ஆறு முதல் எட்டு நிமிடம் வேகமாக ஓடுவதுதான் மூச்சுக்குழாயை அதிகம் தூண்டும். இடையிடையே நடந்து, விட்டுவிட்டு ஓடுவது பலருக்கு எளிதாக இருக்கும். நம் மாணவி முதலில் பத்து நிமிடம் நடை, மெதுவோட்டம், சில குறுகிய விரைவோட்டங்கள் என்று உடலைச் சூடாக்கட்டும். பிறகு 800 மீட்டரை நான்கு 200 மீட்டராகப் பிரித்து, நடுவே இரண்டு நிமிடம் நடக்கட்டும். முடித்ததும் உட்காராமல் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும்.

முந்தைய இரவு இருமி விழித்திருந்தாலோ, சளி பிடித்திருந்தாலோ, போகிப் புகை இன்னும் அடங்காமல் இருந்தாலோ அன்று ஓட்டம் வேண்டாம். நேரம் குறிக்கும் வேலையைக் கொடுக்கலாம். ஆனால் ஆண்டு முழுவதும் மைதானத்தின் ஓரத்தில் உட்காரவைப்பது நியாயமில்லை. முன்கூட்டி மருந்து எடுத்தும் இளைத்தாலோ, வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இளைப்புக்காக இன்ஹேலர் தேவைப்பட்டாலோ நோய் கட்டுக்குள் இல்லை. மாற்ற வேண்டியது சிகிச்சையை.

இளைப்பு வந்துவிட்டால்

படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவையுங்கள். ஸ்பேசர் வழியாகச் சால்புடமால் ஒரு பஃப், நான்கு மூச்சு. இப்படி நான்கு பஃப் கொடுத்து நான்கு நிமிடம் காத்திருங்கள். தணியாவிட்டால் மீண்டும் நான்கு. அப்போதும் குறையாவிட்டால் 108ஐ அழைத்து, வண்டி வரும்வரை இதையே தொடருங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால், விலா இடுக்கு உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால் காத்திருக்காமல் அப்போதே அழைக்க வேண்டும். பிள்ளை சோர்ந்திருக்கும்போது விசில் ஒலி நின்றுபோனால் நிம்மதி கொள்ளாதீர்கள். காற்றே போகாத அளவுக்குக் குழாய் இறுகியிருக்கலாம்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இன்ஹேலரும் ஸ்பேசரும் மைதானத்தில், உங்கள் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். ஓடி முடித்த பிள்ளையின் மேல் இன்னும் பத்து நிமிடம் ஒரு கண் வையுங்கள்.