எண்பது இலைகளின் கணக்கு

கலியாண வீட்டாருக்கு ஏற்படக்கூடிய அவமானங்களுள், வந்த விருந்தினர் பசியோடு திரும்பிப் போவதை விடப் பெரியது ஒன்றுமில்லை. ஆனால் அவமானத்திற்குக் கணக்கு எழுதுவது எளிதன்று. இலைக்குக் கணக்கு எழுதலாம். ஒப்புக்கொண்டதில் ஒரு பகுதியைச் செய்து, மறு பகுதியைச் செய்யாமல் விட்ட சமையல் காண்ட்ராக்டரிடம் நாம் எவ்வளவு கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும் என்பதை இங்கே ஆராய்வோம்.

கொரட்டூரில் ஒரு முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். பகல் சாப்பாட்டுக்கு 400 இலை. இலை ஒன்றுக்கு 18 வகை. விலை 350 ரூபாய். ஆக மொத்தம் 1,40,000 ரூபாய். முன்பணம் போக மீதியையும் முகூர்த்தத்திற்கு முன்பே பெண் வீட்டார் கொடுத்துவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு 80 பேர் உட்காரலாம். நான்கு பந்தி நடந்தது. ஐந்தாவது பந்திக்கு ஜனங்கள் வந்து உட்கார்ந்தபோது சமையற்கட்டில் சாதமும் இல்லை, சாம்பாரும் இல்லை. நடந்த நான்கு பந்திகளிலும் ஜாங்கிரி, வடை, அவியல் ஆகிய மூன்றும் இலையில் விழவேயில்லை.

இந்த நிலையில் கோபங்கொண்ட தகப்பனார் ஒருவர், “கொடுத்த பணம் முழுவதையும் திருப்பிக் கொடு” என்று கேட்பது இயல்பே. ஆனால் அங்கேதான் வழக்கு பலவீனப்படுகிறது. 320 பேர் சாப்பிட்டு எழுந்திருக்கிறார்கள் அல்லவா? அவர்கள் சாப்பிட்டதற்கும் சேர்த்துப் பணம் கேட்டால், விசாரிப்பவர்களுக்கு நம்முடைய மற்றக் கணக்குகளின் மீதும் சந்தேகம் பிறக்கும். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: வாக்குத் தவறியதனால் இயல்பாக விளைந்த நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுக்கு ஈடு உண்டு, எட்டத்தில் நிற்கும் நஷ்டங்களுக்கு இல்லை. ஆகவே குறைந்தது எது என்பதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

முதலில் இலைக் குறைவு. 400-இல் 320 போக 80. இலைக்கு 350 வீதம் 28,000 ரூபாய்.

அடுத்தது வகைக் குறைவு. 18 வகையில் 3 குறைந்ததால் ஆறில் ஒரு பங்கு என்று கணக்கிடுவது தவறு. அப்பளமும் ஒரு வகை, ஜாங்கிரியும் ஒரு வகை. இரண்டும் ஒரே விலையாகுமா? சரியான வழி, அந்தக் காண்ட்ராக்டரே கொடுத்த விலைப் பட்டியலைப் பார்ப்பது. இந்த மூன்றும் இல்லாத 15 வகைச் சாப்பாட்டுக்கு அவர் 300 ரூபாய் போட்டிருந்தால், வித்தியாசம் 50 ரூபாய். அப்படிப் பட்டியல் இல்லையென்றால், அதே வட்டாரத்தில் வேறு இரண்டு சமையற்காரரிடம் அந்த மூன்று பண்டங்களுக்கும் எழுத்து மூலம் விலை கேட்டு வாங்கலாம். இந்த 50 ரூபாயை 320 இலைக்கு மட்டுமே பெருக்க வேண்டும், வருவது 16,000. பரிமாறாத 80 இலைக்கு முழு விலையையும் முன்பே கேட்டாயிற்று. மறுபடி கேட்டால் ஒரே குறைக்கு இரண்டு முறை பணம் கேட்பதாகும். ஆக நியாயமான தொகை 44,000 ரூபாய்.

இனி ஒரு நுட்பமான விஷயம். காத்திருந்தவர்களில் 60 பேருக்கு அருகிலுள்ள மெஸ்ஸிலிருந்து தலைக்கு 120 ரூபாய் வீதம் சாப்பாடு வரவழைத்தார்கள். செலவு 7,200 ரூபாய். இதையும் மேலே கூட்டலாமா? கூடாது. 80 இலையின் விலையைத் திரும்பக் கேட்டுவிட்டோம். அந்த 60 பேருக்குச் சாப்பாடு போடும் செலவு எப்படியும் நம்முடையதே. மெஸ் சாப்பாடு 500 ரூபாய் ஆகியிருந்தால், 350-க்கு மேற்பட்ட 150 ரூபாயை மட்டும் இலை ஒவ்வொன்றுக்கும் சேர்த்துக் கேட்கலாம். ஆனாலும் அந்த ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். நஷ்டத்தைக் குறைக்க வழியிருந்ததா என்பதையும் கவனிக்க வேண்டுமென்று அதே 73-ஆவது பிரிவின் விளக்கம் கூறுகிறது. ரசீதோ நாம் கைகட்டி நிற்கவில்லை என்பதைக் காட்டும். சாப்பாடு பற்றாமற் போனதற்கும் சாட்சி சொல்லும்.

காண்ட்ராக்டர் என்ன பதில் சொல்வார்? “வந்ததே 320 பேர்தான்” என்பார், அல்லது, “500 பேர் வந்துவிட்டார்கள், நான் என்ன செய்வேன்?” என்பார். இரண்டாவது மெய்யானால், 400 இலையை அவர் போட்டு முடித்த பிறகு வந்தவர்களுக்கு அவர் பொறுப்பாளியல்லர். ஆகவே வழக்கின் உயிர்நிலை, அன்று எத்தனை இலை விழுந்தது என்பதே. கூடத்தின் இருக்கைகளைப் பந்திகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் ஒரு கணக்குக் கிடைக்கும். ஒவ்வொரு பந்தியையும் நிழற்படமாகவோ சலனப்படமாகவோ எடுத்திருந்தால் அது உறுதிப்படும். வந்தவர் யார் என்பதற்கு மொய் நோட்டு நல்ல சாட்சி. ஆனால் அதில் ஒரு பெயர் ஒரு குடும்பத்தைக் குறிக்கலாமாதலால், அதைத் தலைக் கணக்காகக் காட்டக் கூடாது. சாப்பிடாமல் போனவர்களைக் கண்டுபிடிக்க உபயோகிக்கலாம். அவர்களில் மூவர் நால்வரிடம் பிரமாணப் பத்திரம் வாங்கினால் போதும். எல்லாவற்றிலும் மேலானது, அன்றே காண்ட்ராக்டரின் மேற்பார்வையாளரிடம், “நான்கு பந்தி, 320 இலை” என்று ஒரு துண்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது.

பிறகு 15 நாள் தவணை கொடுத்து, கணக்கை விவரமாக எழுதி ஸ்பீட் போஸ்டில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கலியாண மண்டபம் எந்த ஊரில் இருந்தாலும், முறையிடுபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். கொரட்டூர் அடங்கிய அம்பத்தூர் வட்டம் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டதால், பழைய நினைவில் திருவள்ளூருக்குப் போக வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்கு உட்பட்டால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டுமென்பதும் இல்லை. ஆனால் 2 வருஷத்திற்குள் மனுச் செய்ய வேண்டும். எதிர்க்கட்சி 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். மேலும் 15 நாள் வரை அவகாசம் கொடுக்கப்படலாம். அதற்கு மேல் இல்லை. விசாரணை பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களையும் தஸ்தாவேஜுகளையும் கொண்டே நடக்கும். இரு கட்சியாரும் இசைந்தால் ஆணையம் சமரசத்திற்கும் அனுப்பலாம். கணக்குத் தெளிவான வழக்கே அங்கே சீக்கிரம் முடியும்.

மன வேதனைக்கு ஒன்றுமில்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அதைத் தனி வரியில் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் 1972-ஆம் வருஷம் தீர்ப்பான ஜார்விஸ் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். சுவிட்ஸர்லாந்தில் விடுமுறையைக் கழிக்கச் சென்ற ஒருவருக்கு, பிரயாண ஏஜெண்டுகள் விளம்பரத்தில் சொன்ன உல்லாசங்களில் பல கிடைக்கவில்லை. அவர் செலுத்தியது 63 பவுனுக்குச் சற்று மேல். கீழ்க்கோர்ட்டு அதில் பாதியையே கொடுத்தது. மேல்கோர்ட்டோ, இன்பத்திற்காகவே செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஏமாற்றத்திற்கும் ஈடு உண்டு என்று 125 பவுன் கொடுத்தது. கலியாண விருந்தும் அவ்வகை ஒப்பந்தமே. எனினும் நம் ஆணையங்கள் வேதனைக்கு எவ்வளவு கொடுக்கும் என்பதற்கு வாய்பாடு கிடையாது. ஆதலால் அந்த வரியில் மிதமான தொகையை எழுதி, 44,000 என்னும் வரியை ஒரு ரூபாயும் அசைக்க முடியாதபடி நிறுத்துவதே விவேகம். முதல் வரி கருணையை நம்பியது. இரண்டாவது வரி இலையை எண்ணியது.